டம்ளரில் தண்ணீர் ஊற்றுதல்: மாண்டாஃப்ளோவை நெடுநாள் பயன்படுத்திய அனுபவம்

பிளெண்டரில் 2.82 பதிப்பு முதல் இடம்பெற்றுள்ள மாண்டாஃப்ளோ திரவத் தீர்வியைத்தான் என் தயாரிப்பு விளம்பர வேலைகளுக்குப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். கடலலையையும் வெள்ளத்தையும் ஓரளவு எளிதாகவே தந்துவிடும் இந்தத் தீர்வி, ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றும் சிறிய காட்சியில்தான் நம்மை அதிகம் சோதிக்கிறது. அந்தக் காட்சியில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரு கட்டத்தின் அளவு என்பதே என் அனுபவம்.

தண்ணீர் ஓடும் எல்லைப் பெட்டியான டொமைனைத் தீர்வி சிறு சிறு கனசதுரக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. டொமைனின் மிக நீளமான பக்கத்தை Resolution Divisions எண்ணால் வகுத்தால் கட்டத்தின் அளவு கிடைக்கும். 12 செ.மீ. உயரமுள்ள டம்ளருக்கு, 12 செ.மீ. அகலமும் ஆழமும் 24 செ.மீ. உயரமும் கொண்ட டொமைனை வைப்பது என் வழக்கம். அதில் எண்ணை 64 என்று வைத்தால் ஒரு கட்டம் 3.75 மி.மீ. ஆகும், 240 என்று வைத்தால் 1 மி.மீ. ஆகும்.

இந்த வேறுபாட்டின் விளைவு தாரையிலேயே தெரிந்துவிடும். 8 மி.மீ. குறுக்களவுள்ள தாரை, நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் புறப்பட்டு 18 செ.மீ. கீழே உள்ள டம்ளரின் அடியை அடையும்போது அதன் வேகம் ஏறத்தாழ 1.9 மீட்டராக உயர்ந்திருக்கும். வேகம் கூடிய அளவுக்குத் தாரையும் மெலிந்து 4 மி.மீ. ஆகியிருக்கும். 64 பிரிவுகளில் அந்த இடத்தில் தாரைக்கு ஒரே ஒரு கட்டம்தான் கிடைக்கிறது என்பதால் அது மணி மணியாக அறுந்து விழுகிறது. 240 பிரிவுகளில் நான்கு கட்டங்கள் கிடைப்பதால் அறுபடாமல் இறங்குகிறது. அதற்கான விலையும் சிறியதன்று: டொமைனில் ஏறத்தாழ 35 லட்சம் கட்டங்கள் உருவாகின்றன. எனவே டொமைனை டம்ளரை ஒட்டி இறுக்கமாக அமைப்பதில் செலவிடும் நேரம் ஒருபோதும் வீணாவதில்லை.

கட்டம் சிறிதானதும் வேறொரு சிக்கல் தலைகாட்டுகிறது. நொடிக்கு 24 ஃபிரேம்கள் என்றால், அடியை அடையும் தண்ணீர் ஒரு ஃபிரேமுக்குள் 8 செ.மீ., அதாவது 80 கட்டங்களைக் கடக்கிறது. ஒரு ஃபிரேமை அதிகபட்சம் எத்தனை படிகளாகப் பிரித்துக் கணக்கிடலாம் என்று சொல்லும் Timesteps Maximum ஆரம்ப மதிப்பான 4இலேயே இருந்தால், ஒவ்வொரு படியிலும் துகள்கள் 20 கட்டங்களைத் தாண்ட வேண்டியிருக்கும். 2 மி.மீ. தடிப்புள்ள டம்ளர் அடியோ இரண்டே கட்டங்கள்தான். தண்ணீர் அதைத் துளைத்துச் சென்றால் வியப்பதற்கில்லை. அந்த மதிப்பை 20 வரை உயர்த்துவதோடு, மோதலுக்கென்று தனியாக ஒரு டம்ளரையும் செய்துகொள்கிறேன்: அதன் உட்பரப்பு அசல் டம்ளருடையதாகவே இருக்கும், சுவரும் அடியும் மட்டும் வெளிப்புறமாக 6 மி.மீ. தடித்திருக்கும். அதை ரெண்டரில் மறைத்துவிட்டு, அழகுக்கான மெல்லிய டம்ளரைத் தண்ணீர் மோதும் பொருளாக, அதாவது எஃபெக்டராக, ஆக்காமல் விட்டுவிட வேண்டும்.

இனித் துகள் அளவைப் பார்ப்போம். Liquid பகுதியிலுள்ள Particle Radius மி.மீ. கணக்கன்று, கட்டக் கணக்கு. ஒரு துகள் தன்னைச் சுற்றி எவ்வளவு இடத்தைத் தண்ணீராகக் காட்டும் என்பதையே அது சொல்கிறது. அதன் மதிப்பு 1 சரியா என்று அறிய நான் நம்பும் சோதனை இது: டம்ளர் பாதி நிறைந்ததும் இன்ஃப்ளோவின் Use Flow குறியைக் கீஃப்ரேம் வைத்து அணைத்துவிட்டு, அலை அடங்கிய பிறகு நீர்மட்டத்தைக் கவனிப்பேன். மட்டம் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் ஆரத்தைச் சிறிது கூட்ட வேண்டும். ஊற்று நின்ற பிறகும் ஏறினால் குறைக்க வேண்டும். ஆனால் மட்டம் இறங்கும்போது டொமைனின் தரையில் துகள்கள் தேங்கியிருந்தால், அது கன அளவு இழப்பன்று, டம்ளரின் கசிவு. அப்போது ஆரத்தைத் தொடாமல் மோதல் டம்ளரைத்தான் பார்க்க வேண்டும்.

மெஷ் பகுதியிலும் Particle Radius என்ற அதே பெயரில் ஓர் அமைப்பு இருக்கிறது. அது தண்ணீரின் நடத்தையை மாற்றாது, துகள்களின் மேல் போர்த்தப்படும் பரப்பை மட்டுமே மாற்றும். தண்ணீரின் மேற்பரப்பு மேடுபள்ளமாகத் தெரிந்தால் அதைக் கூட்டலாம். அளவுக்கு மீறினால் தாரை தடித்துத் தேன்போலத் தோன்றும். Upres Factor 2 என்று வைத்தால் எனக்குப் போதுமானதாக இருக்கிறது, ஏனெனில் சிமுலேஷனே பிடிக்காத நுணுக்கத்தை மெஷ்ஷால் உண்டாக்க முடியாது.

ரெண்டரில் கடைசியாகக் கவனிக்க வேண்டியது தண்ணீருக்கும் கண்ணாடிக்கும் இடையிலான இடைவெளி. அரை மி.மீ. காற்று இருந்தாலும் நீரின் விளிம்பு முழுவதும் வெள்ளிப்பூச்சுப் போலப் பளபளக்கும். Fractional Obstacles அமைப்பை இயக்கி, Obstacle Distance மதிப்பைச் சற்றே எதிர்ம எண்ணாக்கினால், தண்ணீர் சுவரை ஒட்டி, மயிரிழை அளவு அதற்குள்ளும் சென்றுவிடும். ஒளி முறியும் விதமும் இயல்பாகிவிடும். விளிம்பில் நீர் மெல்ல மேலேறி ஒட்டிநிற்கும் அந்த நுண்ணிய வளைவை மட்டும் இந்த அளவுக் கட்டங்களில் எதிர்பார்க்க முடியாது. மிக நெருங்கிய ஷாட்டுகளில் அதை நான் கையாலேயே மாடல் செய்து சேர்க்கிறேன்.