டிசம்பர் 4-க்குள் பேப்பர் தர முடியாது: பாளையங்கோட்டையில் இன்சூரன்ஸுக்கு எழுதிய அவகாசக் கடிதம்

இந்தமுறை டொரொண்டோவிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போனது அப்பாவைப் பார்க்கத்தான், ஆனால் பாதி நாள் இன்சூரன்ஸ் பேப்பரோடுதான் போனது. அப்பாவுக்கு இருந்த ஹெர்னியா திடீரென்று இறுகிக்கொள்ள, பக்கத்தில் இருந்த நர்சிங் ஹோமிலேயே ராத்திரியோடு ராத்திரியாக ஆபரேஷன் செய்துவிட்டார்கள். அந்த ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கம்பெனியின் நெட்வொர்க்கில் இல்லை, அதனால் கேஷ்லெஸ் கிடைக்கவில்லை. கையிலிருந்து கட்டிவிட்டு அப்புறம் கேட்டு வாங்க வேண்டியதுதான். நவம்பர் 4 டிஸ்சார்ஜ். எங்கள் பாலிசியில் அன்றிலிருந்து 30 நாளுக்குள் பேப்பர் எல்லாம் கம்பெனிக்குப் போய்ச் சேர வேண்டும், அதாவது டிசம்பர் 4.

படுத்திருந்தது அப்பா என்றாலும் பாலிசி அம்மா பெயரில். க்ளெய்ம் ஃபார்மில் கையெழுத்துப் போட வேண்டியது அம்மா, பணம் வர வேண்டியது அம்மாவின் பேங்க் கணக்குக்கு, ஓடிபி வருவது அம்மாவின் போனுக்கு, பில் எல்லாம் இருப்பது அம்மாவின் பீரோவில். அந்த அம்மாவுக்கு நவம்பர் 25 டெங்கு, பிளேட்லெட் இறங்கி வேறொரு ஆஸ்பத்திரியில் அட்மிட். நான் போய் இறங்கியபோது வீட்டில் தையல் போட்ட வயிற்றோடு அப்பா, ஆஸ்பத்திரியில் டிரிப்ஸோடு அம்மா, நடுவில் தம்பி.

அம்மா வீடு திரும்பியதும் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன். "லேட்டானா லேட் லெட்டர் ஒண்ணு வச்சுக் குடுத்துரலாம் தம்பி, எல்லாரும் அப்படித்தான் செய்யுதாங்க" என்றார். தவறில்லை, அப்படியும் நடக்கிறதுதான். ஆனால் கெடு முடிந்தபிறகு காரணம் சொல்வதும், முடிவதற்கு முன்னாடியே இன்ன தேதிக்குள் தருகிறேன் என்று எழுதிக் கேட்பதும் ஒன்றில்லை. முன்னதில் கம்பெனி நம்மிடம் ஏன் என்று கேட்கும், பின்னதில் கம்பெனிதான் நமக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் டிசம்பர் 1 அன்றே மெயில் போய்விட்டது. என் ஐடியிலிருந்து இல்லை, பாலிசியில் பதிவாகியிருக்கும் அம்மாவின் மெயில் ஐடியிலிருந்து. வேறு ஐடியிலிருந்து போனால் பதிவான ஐடியிலிருந்து அனுப்புங்கள் என்று ஒரு பதில் வரும், அதிலேயே ரெண்டு நாள் போய்விடும்.

அனுப்பியது ஆங்கிலத்தில். சாரம் இதுதான்:

*பொருள்: பாலிசி எண் …, க்ளெய்ம் எண் …, ஆவணங்கள் தர டிசம்பர் 21 வரை அவகாசம் கோருதல்.*

*மேற்கண்ட பாலிசி என் பெயரில் உள்ளது. என் கணவர் அக்டோபர் 31 அன்று அவசர ஹெர்னியா அறுவை சிகிச்சைக்காக அனுமதிக்கப்பட்டு நவம்பர் 4 அன்று டிஸ்சார்ஜ் ஆனார். அனுமதித்த அன்றே தகவல் தெரிவித்து இந்த க்ளெய்ம் எண்ணைப் பெற்றோம். பாலிசிப்படி டிசம்பர் 4-க்குள் ஆவணங்களைத் தர வேண்டும்.*

*நவம்பர் 25 முதல் 30 வரை நானே டெங்குக் காய்ச்சலுக்காக மருத்துவமனையில் இருந்தேன். டிஸ்சார்ஜ் சம்மரி நகல் இணைத்துள்ளேன். படிவத்தில் நான் கையெழுத்திட வேண்டியிருப்பதாலும், அசல் பில்கள் என் பொறுப்பில் இருந்ததாலும் வேலை நின்றுவிட்டது. கணவரின் டிஸ்சார்ஜ் சம்மரி, இறுதி பில், பணம் கட்டிய ரசீது ஆகியவற்றின் ஸ்கேன் இத்துடன் உள்ளது. மருத்துவமனை நிரப்ப வேண்டிய பகுதியும் மெஷ் ஸ்டிக்கரும் மட்டும் இன்னும் வர வேண்டும். எல்லா அசல்களையும் டிசம்பர் 21-க்குள் தருகிறேன்.*

*தவிர்க்க முடியாத காரணத்தால் நேரும் இந்தத் தாமதத்தை ஐஆர்டிஏவின் 20.9.2011 தேதியிட்ட சுற்றறிக்கையின்படி ஏற்று, எழுத்தில் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.*

அவ்வளவுதான், ஒரு பக்கம்கூட இல்லை. தம்பி எழுதிய முதல் வரைவில் அம்மா பட்ட பாடு முழுக்க இருந்தது, பிளேட்லெட் எண்ணிக்கை நாள்வாரியாக உட்பட. படிக்கிறவருக்கு அதெல்லாம் வேண்டாம். அவர் ஃபைலில் போட வேண்டியது கெடு எது, ஏன் தள்ளிப்போகிறது, அதற்கு ஆதாரம் என்ன, புதுத் தேதி எது என்பது மட்டும்தான். "கொஞ்சம் அவகாசம் தாருங்கள்" என்று தேதியில்லாமல் எழுதினால் அதற்கு யாரும் சரி என்றும் சொல்ல முடியாது, முடியாது என்றும் சொல்ல முடியாது.

அந்தச் சுற்றறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. தாமதமாக வந்தது என்ற ஒரே காரணத்துக்காக க்ளெய்மைத் தள்ளக் கூடாது, தாமதத்துக்கான காரணத்தைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும், நேரத்தோடு வந்திருந்தாலும் நிராகரிக்க வேண்டியதுதானா என்று பார்க்க வேண்டும் என்று 2011-லேயே இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏ கம்பெனிகளுக்குச் சொன்னது. அதற்காக எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று அர்த்தமில்லை. தாமதம் நம் கையை மீறியது என்று காட்டும் தாள் கூடவே இருக்க வேண்டும். மிரட்டுகிற தொனியில் எழுதாமல் ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும். அப்படியும் தள்ளிவிட்டால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவு, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லாவிட்டாலோ கம்பெனி மீதான புகாரை விசாரிக்கும், சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன். அங்கே கட்டணம் கிடையாது.

பதில் என்ன வந்தது? முதலில் இயந்திரம் அனுப்பும் ஒரு ரெஃபரன்ஸ் எண். அப்புறம் ரெண்டு வரி: தாமதக் காரணக் கடிதத்துடன் சமர்ப்பிக்கவும், பாலிசி விதிகளின்படி பரிசீலிக்கப்படும். அவகாசம் கொடுத்தோம் என்று சொல்லவே இல்லை. பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார்கள், அதற்காகப் பதற வேண்டாம். டிசம்பர் 4-க்கு முன்னால் நாம் கேட்டோம், அவர்கள் மறுக்கவில்லை என்பது எழுத்தில் இருக்கிறது, நமக்கு வேண்டியது அதுதான். அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்து ஃபைலின் மேலே வைத்தோம்.

நர்சிங் ஹோமில் இன்சூரன்ஸ் பார்க்கிற பெண் ஒருவர்தான், அவர் லீவில் இருந்ததால்தான் ஃபார்மின் பகுதி பி நின்றுபோயிருந்தது. அந்தப் பகுதியை ஆஸ்பத்திரிதான் நிரப்பி சீல் வைக்க வேண்டும், டாக்டரின் பதிவு எண்ணோடு. மெஷ் ஸ்டிக்கர் என்பது வயிற்றுக்குள் வைத்த வலையின் பெட்டியில் ஒட்டியிருக்கும் சின்னச் சீட்டு, லாட் நம்பர் இருக்கும். அதைக் கேஸ் ஷீட்டில் ஒட்டிவிடுவார்கள், நாம் கேட்காவிட்டால் தரமாட்டார்கள். மெஷ் வாங்கிய பில் மட்டும் இருந்து ஸ்டிக்கர் இல்லையென்றால் அந்தத் தொகைக்கு நிச்சயம் கேள்வி வரும்.

டிசம்பர் 18 திருநெல்வேலி கிளையில் நேரிலேயே கொடுத்தோம். வாங்கிக்கொண்டவர் சீல் வைக்கத் தயங்கினார், மேலே அனுப்பினால் எஸ்எம்எஸ் வந்துவிடும் என்றார். வரட்டும், ஆனால் எங்கள் நகலில் தேதியோடு சீல் வேண்டும் என்று நின்றதும் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வைத்துக் கொடுத்தார். அது கிடைக்காத ஊரில் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளலாம். அசல் பில் ஒவ்வொன்றுக்கும் நகல் வீட்டில் இருக்க வேண்டும், போன அசல் திரும்பி வராது.

அம்மாவின் டெங்கு பில் இதே பாலிசியில்தான், ஆனால் அது தனி க்ளெய்ம், தனி எண், அதற்கு 30 நாள் நவம்பர் 30-லிருந்து ஓடும். ரெண்டையும் ஒரே கவரில் போட வேண்டாம் என்று கிளையிலேயே சொன்னார்கள், சரியான யோசனை.

ஜனவரி முதல் வாரம் அப்பாவின் பணம் வந்தது, கையுறை, சிரிஞ்ச் மாதிரி சில்லறைச் சாமான்களுக்குப் பிடித்தது போக. தாமதத்தைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. டிஸ்சார்ஜுக்குப் பிறகான டிரெஸ்ஸிங், மாத்திரை பில்களுக்கு எங்கள் பாலிசியில் 60 நாள் உண்டு, அது முடிந்து 15 நாளுக்குள், அதாவது ஜனவரி 18-க்குள் தர வேண்டும். அதைத் தம்பி பார்த்துக்கொள்கிறான்.