கடைவாய் வெடிப்பு: பி-காம்ப்ளெக்ஸா, பூஞ்சைக் கிரீமா?

வாய் ஓரம் வெடித்தால் நம் வீடுகளில் முதலில் வரும் வார்த்தை, "சத்துக் குறைவு, பி-காம்ப்ளெக்ஸ் போடு" என்பதுதான். அது சில நேரம் சரி. ரிபோஃப்ளேவின், பி12, ஃபோலேட், இரும்பு குறைந்தாலும் வாய் ஓரம் வெடிக்கும். ஆனால் அப்போது பெரும்பாலும் வேறு அறிகுறியும் தென்படும்: நாக்கு வழவழவென்று சிவந்து எரியும், முகம் வெளுத்திருக்கும், படியேறினால் மூச்சு வாங்கும். அப்படியிருந்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு மாத்திரை எடுப்பதே முறை. வெறும் பி-காம்ப்ளெக்ஸில் இரும்புக் குறை தீராது.

இந்த அறிகுறிகள் இல்லாமல் இரண்டு ஓரமும் ஈரமாக, வெளுத்து ஊறிப்போய் வெடித்திருந்தால், நான் கிரீம் பக்கம்தான் சாய்வேன். பத்து வருடமாக ஒரே பல்செட் போடும் அறுபத்தெட்டு வயது அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். பல்செட் தேயத் தேய மேல்தாடையும் கீழ்த்தாடையும் நெருங்கி, கடைவாயில் ஒரு மடிப்பு விழும். அதில் எச்சில் தேங்கித் தோல் ஊறும். அங்கே கேண்டிடா பூஞ்சை குடியேறும். மாத்திரை இந்த ஈரத்தை ஒன்றும் செய்யாது.

குளோட்ரிமசோல் 1 சதவீதக் கிரீமை ஒரு நாளைக்கு இரண்டு வேளை, இரண்டு வாரம் தடவ வேண்டும். முதலில் மெல்லிய துணியால் ஓரத்தை ஒற்றி உலர்த்துங்கள். கிரீம் படிந்ததும் மேலே வாசலின் மெல்லிய பூச்சாக. எச்சில் ஈரத்தின் மேலேயே வாசலினைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுப் புண் இன்னும் ஊறும். பலர் சறுக்குவது இங்கேதான். ஸ்டீராய்டு கலந்த கிரீம் இரண்டு நாளில் சிவப்பை அடக்கும், ஆனால் தொடர்ந்து போட்டால் தோல் மெலியும்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது பல்செட் பராமரிப்பு. கிரீம் ஓரத்தை ஆற்றும். பூஞ்சையோ பல்செட்டின் உட்புறத்தில், அண்ணத்தைத் தொடும் பரப்பில் வழவழப்பாக ஒட்டியிருக்கும். இரவு அதைக் கழற்றாமல் தூங்கினால், ஆறிய ஓரம் மறுபடி வெடிக்கும். தினமும் கழற்றி, மென்மையான பிரஷ்ஷும் சோப்பும் கொண்டு உட்புறத்தைத் தேய்த்து, இரவெல்லாம் தண்ணீரில் போட்டுவையுங்கள். பற்பசை வேண்டாம், அது கீறும். கீறலில் பூஞ்சை ஒளிந்துகொள்ளும். மடிப்பு ஆழமாக இருந்தால் பல் மருத்துவரிடம் செட்டின் உயரத்தைச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.

பல்செட் போடாத இளவயதினரிடம் இந்தக் கணக்கு இவ்வளவு உறுதியாக நிற்காது. உதட்டை நக்கும் பழக்கம், தூக்கத்தில் எச்சில் வடிவது, சர்க்கரை நோய் மூன்றையும் பார்க்க வேண்டியிருக்கும். தேன் நிறப் பொருக்கு கட்டினால் பாக்டீரியாவும் சேர்ந்திருக்கலாம், அதற்கு வேறு களிம்பு. ஒரு பக்கம் மட்டும் முதலில் சுருக்கென்று குத்தி, பிறகு கொப்புளம் கிளம்பினால் அது பெரும்பாலும் ஹெர்பிஸ். இரண்டு வாரம் சரியாகத் தடவியும் ஆறவில்லையென்றால் கிரீமை மாற்றிப் பார்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.