நகைச்சீட்டைப் பாதியில் நிறுத்தினேன், 7,774 ரூபாய் போச்சு

இன்னும் கோபம் அடங்கவில்லை. சீட்டுப் பணத்துக்கு எடுத்த கம்மலை முந்தாநாள் நகரத்பேட்டையில் விற்றுவிட்டு வீட்டுக்கு வந்து, பேப்பரும் பேனாவும் எடுத்து மூன்று தடவை கூட்டிக் கழித்துப் பார்த்தேன். மூன்று தடவையும் அதே கணக்குதான். 7,774 ரூபாய். எனக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கடை பெயர் போடவில்லை. பெங்களூரில் பல கிளை வைத்திருக்கிற பெரிய நகைக்கடை, அவ்வளவு தெரிந்தால் போதும்.

2024 டிசம்பரில் அறுந்துபோன செயினைப் பற்றவைக்கத்தான் அங்கே போனேன். அல்சூரில் இருபது வருஷமாக இருக்கிறேன். இருந்தாலும் பெரிய கடைக்குள் நுழைந்தால் எந்த பாஷையில் ஆரம்பிப்பது என்று ஒரு தயக்கம் இருக்கும். நான் கன்னடத்தில் ஆரம்பித்தேன். கவுன்ட்டரில் இருந்த பொண்ணு சிரித்துக்கொண்டே, "அக்கா, தமிழ்லயே பேசுங்க, நான் கிருஷ்ணகிரி" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் நான் பாதி விழுந்துவிட்டேன். உட்கார வைத்து காபி கொடுத்தாள். செயின் வருவதற்குள் சீட்டு அட்டையை எடுத்து முன்னால் வைத்துவிட்டாள்.

மாதம் 5,000, பதினொரு மாதம். முடிந்த பிறகு நகை எடுத்தால் 18 சதவீதம் வரைக்கும் சேதாரம் கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் ஒன்று கேட்டேன். அதை இன்றைக்கும் வார்த்தை மாறாமல் சொல்வேன்: "நடுவுல கட்ட முடியாமப் போச்சுன்னா என்னம்மா பண்றது?" அவள் சொன்னது: "நீங்க போட்டது எங்கயும் போகாதுக்கா. எப்ப வேணும்னாலும் நிறுத்திட்டு எடுத்துக்கலாம்."

எடுத்துக்கலாம். எதை எடுத்துக்கலாம்? நான் பணம் என்று நினைத்துக்கொண்டேன். அவள் நகையை நினைத்துச் சொல்லியிருப்பாள். இல்லை, தெரிந்தேதான் சொன்னாளோ என்னமோ. கையெழுத்துப் போட்டேன், ஒரு கைப்பை பரிசாகக் கொடுத்தார்கள். பாஸ்புக்கின் பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷில் ஏதோ அச்சடித்திருந்தது. நான் படிக்கவில்லை. அது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஏழு தவணை ஒழுங்காகக் கட்டினேன். 35,000. ஏப்ரலில் வீட்டுக்காரருக்கு வேலை போனது. ஜூனில் மகளுக்கு பி.யு.சி. அட்மிஷன். சரி, சீட்டை நிறுத்தி அந்த 35,000-ஐ வாங்கி ஃபீஸ் கட்டிவிடலாம் என்று போனேன்.

கிருஷ்ணகிரிப் பொண்ணு இல்லை, வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்களாம். இரண்டாவது மாடியில் சீட்டுக்கென்று தனி கவுன்ட்டர். அங்கே இருந்தவருக்குத் தமிழ் நன்றாகவே தெரியும், பக்கத்தில் ஒருத்தரிடம் தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தார். நான் "நிறுத்தணும், பணம் வேணும்" என்றதும் இங்கிலீஷுக்கு மாறிவிட்டார். சேரும்போது அக்கா, நிறுத்தும்போது மேடம். "கேஷ் ரீஃபண்ட் கிடையாது மேடம். ஆர்.பி.ஐ. ரூல்."

மேனேஜரைப் பார்க்கணும் என்றேன். பர்ச்சேஸுக்குப் போயிருக்கிறாராம். இரண்டு நாள் கழித்துப் போனேன், மீட்டிங். வெள்ளைத்தாளில் கடிதம் எழுதி ஆதார் நகலோடு கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். வாங்கிக்கொண்டதற்கு ஒரு சீல் போட்டுத் தாருங்கள் என்றால், "அதெல்லாம் சிஸ்டம்ல ஏறிடும்". டோல் ஃப்ரீ நம்பரில் மூன்று வேலை நாள் என்றார்கள். ஆறாவது நாள் நானே மறுபடி கூப்பிட்டேன். கடிதமே வரவில்லை, கிளையிலேயே பேசுங்கள் என்று பதில். அல்சூருக்கும் அந்தக் கடைக்கும் அஞ்சு தடவை ஆட்டோ. அந்தக் காசை நான் 7,774-ல் சேர்க்கவே இல்லை.

கடைசியில் மேனேஜர் கிடைத்தார். இரண்டே வழி என்றார். பதினொரு மாதம் ஆகிற தேதி வரை காத்திருந்து, கட்டின 35,000-க்கு நகை எடுக்கலாம். இல்லை, இப்பவே எடுக்கலாம். எப்படி எடுத்தாலும் சேதாரச் சலுகை கிடையாது, கைப்பையின் விலை 600 கழியும், பணமாகக் கிடையாது. அப்படியானால் காயினாகக் கொடுங்கள் என்று கேட்டேன், அதில் சேதாரம் பெரிதாக இருக்காதே. "ஸ்கீம்ல காயின் வராது மேடம்."

இந்த ஆர்.பி.ஐ. கதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். என் சித்தி பையன் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறான். அவன் சிரித்தான். கடைக்காரர் நடத்துகிற சீட்டில் ஆர்.பி.ஐ.க்கு வேலையே இல்லையாம். கம்பெனிகள் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குவதற்கு 2014-ல் வந்த விதிகள் இருக்கின்றன. அதன்படி, பொருள் தருவதற்காக வாங்குகிற முன்பணத்தை 365 நாளுக்குள் அந்தப் பொருளில் கழித்துவிட்டால் அது டெபாசிட் ஆகாது. அதனால்தான் எல்லாக் கடையிலும் சீட்டு பத்து, பதினொரு மாதத்தோடு முடிகிறது. நம்மிடம் சீட்டு, சேமிப்பு என்று சொல்லி வாங்குகிறார்கள். அவர்கள் கணக்கில் அது நாம் நகை வாங்கக் கொடுத்த அட்வான்ஸ். பணமாகத் திருப்பித் தரக் கூடாது என்று எந்த ஆர்.பி.ஐ. ரூலும் இல்லை, பாஸ்புக்கின் பின்பக்கம் கடைக்காரரே போட்டுக்கொண்ட நிபந்தனைதான் இருக்கிறது. இது முதல் நாளே தெரிந்திருந்தால் அந்த மனுஷனிடம் "ரூலைக் காட்டுங்க சார்" என்று கேட்டிருப்பேன்.

ஃபீஸ் கடைசித் தேதி நெருங்கியது. சரி, நகையை எடுத்து வெளியில் விற்றுவிடலாம் என்று முடிவு பண்ணினேன். பணம் எங்கே போகிறது என்பது எனக்கு அந்த பில்லில்தான் புரிந்தது, அதனால் பில்லை அப்படியே சொல்கிறேன்.

அன்றைக்கு 22 காரட் கிராம் 9,000. சேதாரம் குறைவாக இருக்கிற நகையாகக் காட்டுங்கள் என்றேன். குறைந்த சேதாரத்தில் அவர்கள் காட்டியதெல்லாம் கனமான வளையல், சாதா செயின். மூன்று கிராம் அளவில் என் பணத்துக்குள் அடங்குகிற மாதிரி வந்ததெல்லாம் மெல்லிசு வேலைப்பாடு, அதில் சேதாரம் ஏறித்தான் இருக்கும். ஒரு ஜோடி கம்மல் எடுத்தேன், 3.2 கிராம். தங்கத்தின் விலை 28,800. சேதாரம் 18 சதவீதம், 5,184. இரண்டும் சேர்த்த தொகைக்கு 3 சதவீதம் ஜி.எஸ்.டி., 1,020. ஹால்மார்க் கட்டணம் வரியோடு 106. மொத்தம் 35,110. என் கணக்கில் கைப்பைக்குக் கழித்தது போக 34,400. மீதி 710 ரூபாயை நான் கையிலிருந்து கொடுத்தேன். பணம் வாங்கப் போனவள் பணம் கட்டிவிட்டு வந்தேன்!

பில்லோடு ஒரு அச்சடித்த தாளிலும் கையெழுத்து வாங்கினார்கள். கணக்கு முழுசாகத் தீர்ந்தது, எந்தக் குறையும் இல்லை என்று. போட்டுவிட்டேன். கிளம்பும்போது பில் போட்ட பையன் கேட்டான், "புது ஸ்கீம் ஒண்ணு ஆரம்பிச்சிடலாமா மேடம்?"

நகரத்பேட்டையில் பழைய நகை வாங்குகிற கடையில் மெஷினில் வைத்துப் பார்த்தார்கள், 91.6 சரியாகக் காட்டியது. தங்கத்தில் குறை சொல்ல முடியாது. தங்கத்தின் எடைக்குத்தானே விலை, சேதாரமும் ஜி.எஸ்.டி.யும் யார் திருப்பித் தருவார்கள்? 28,800-ல் 3 சதவீதம் கழித்து 27,936 கொடுத்தார்கள். நான் போட்டது 35,000, மேலே 710. கழித்துப் பாருங்கள். 7,774.

இன்னொரு வயிற்றெரிச்சல். நான் சேர்ந்தபோது கிராம் 7,200-ஐ ஒட்டி இருந்தது. மாதா மாதம் அன்றைய விலைக்குக் கிராமாக வரவு வைக்கிற சீட்டும் சில கடைகளில் உண்டு. அதில் போட்டிருந்தால் ஏழு தவணைக்கு நாலு கிராமுக்கு மேல் சேர்ந்திருக்கும். என் சீட்டில் பணம் பணமாகவே உட்கார்ந்திருந்தது, விலை ஏறிக்கொண்டே போனது. ஏழு மாதம் என் 35,000-ஐ வைத்து வியாபாரம் பண்ணியது அவர்கள்.

நிறுத்த நினைப்பவர்களுக்கு விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம்தான் ஏறுகிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேருவதற்கு முன் "நடுவில் நிறுத்தினால் பணமா, நகையா?" என்று இந்த வார்த்தையிலேயே கேட்டு, பதிலை பாஸ்புக்கிலேயே எழுதி வாங்குங்கள். வாட்ஸப்பில் வாங்கினாலும் சரி. கவுன்ட்டரில் வாயால் சொன்னது ஒன்றுக்கும் உதவாது. சேரும்போது கொடுக்கிற பரிசை வாங்காதீர்கள், அது பரிசே இல்லை. நிறுத்தச் சொல்லிக் கடிதம் கொடுத்தால் சீல் போட்ட நகல் வாங்குங்கள், தரவில்லையென்றால் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பண அவசரம் கொஞ்சம் பொறுக்கும் என்றால் மீதித் தவணையைக் கடன் வாங்கியாவது கட்டி, முடித்து எடுப்பது நல்லதா என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். எனக்கு இன்னும் நாலு தவணைதான், 20,000. நான் அதை யோசிக்கவே இல்லை. குறையில்லை என்று எழுதின தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் நேற்றுப் புகார் கொடுத்தேன், தமிழிலேயே பேசினார்கள். கடைக்கு அனுப்பியிருக்கிறார்களாம். அதற்கும் மசியவில்லையென்றால் நுகர்வோர் ஆணையம். இந்தத் தொகைக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். அந்தக் கையெழுத்துத் தாள் என்ன பண்ணுமோ என்றுதான் கவலை. சித்தி பையன் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறான்.

காலேஜ் ஃபீஸில் குறைந்த தொகைக்குப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கைமாற்று வாங்கிக் கட்டியாயிற்று. இன்று காலை கடையிலிருந்து எஸ்.எம்.எஸ். வந்தது: எட்டாவது தவணை பாக்கியாம்.