படிப்படித் தாளா, டிக் பட்டியலா? கடை சாத்தும் வேலையை வைத்து ஓர் அலசல்

புது ஆளிடம் கடைச் சாவியைக் கொடுக்கும்போது, கூடவே எழுதிக் கொடுக்க இரண்டு வகைத் தாள்கள் உண்டு. ஒன்றில் ஒவ்வொரு படியையும் படித்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். மற்றது டிக் பட்டியல்: வேலையை நினைவிலிருந்து செய்துவிட்டு, ஏதாவது விட்டுப்போனதா என்று கடைசியில் பார்ப்பது. பெரும்பாலான கடைகளில் சுவரில் ஒட்டியிருப்பது இரண்டாவது வகைதான். புது ஆளுக்கு அது போதாது என்பது என் கருத்து.

பட்டியல் யாருக்காகப் பிறந்தது என்று பார்த்தால் காரணம் விளங்கும். 1935 அக்டோபர் 30 அன்று, போயிங் 299 என்ற விமானம் சோதனைப் பறப்பில் கிளம்பியதுமே விழுந்தது. நிற்கும்போது காற்று அசைக்காதபடி வால் பகுதியைப் பூட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பூட்டை எடுக்காமலே கிளம்பிவிட்டார்கள். ஓட்டியவர்கள் அனுபவசாலிகள். அதன் பிறகே விமானிகளுக்குச் சரிபார்ப்புப் பட்டியல் வந்தது. தெரிந்தவர் மறக்காமல் இருக்க உதவுவது அது. தெரியாதவருக்கு அது வேலையைக் கற்றுத் தராது.

கல்லா எண்ணுவதை எடுத்துக்கொள்வோம். டிக் பட்டியலில் அது ஒரே வரி: “கல்லா எண்ணியாச்சு.” எப்போது எண்ணுவது, எதோடு ஒப்பிடுவது, குறைந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் எழுதியவரின் தலைக்குள்ளேயே இருக்கிறது. அதே வரியைப் படிப்படித் தாளில் எழுதினால் இப்படி வரும்:

1. முன்கதவைப் பூட்டிய பிறகு கல்லாவை உள்ளே எடுத்துச் செல்லவும்.
2. நோட்டு, சில்லறை எல்லாவற்றையும் எண்ணி, தொகையைத் தாளில் எழுதவும். மெஷினில் அன்றைய மொத்தத்தை இன்னும் பார்க்க வேண்டாம்.
3. இப்போது மொத்தத்தை எடுக்கவும். காலையில் வைத்த சில்லறையோடு ரொக்க விற்பனையைக் கூட்டி, கல்லாவிலிருந்து வெளியே கொடுத்ததைக் கழிக்கவும்.
4. வித்தியாசத்தை அப்படியே எழுதவும். சொந்தப் பணத்தைப் போட்டுச் சரிக்கட்ட வேண்டாம்.
5. நாளைக்கான சில்லறை 2,000-ஐத் தனியே பிரித்து வைக்கவும்.

இரண்டாவது படியின் வரிசைதான் இதில் முக்கியம். வரவேண்டிய தொகை முன்னாடியே கண்ணில் பட்டுவிட்டால், கை அந்தத் தொகை வரும்வரைதான் எண்ணும். மூன்றாவது படியில்தான் புது ஆள் அதிகம் தடுக்கி விழுவார். காலையில் 2,000 வைத்தோம், ரொக்க விற்பனை 14,350, நடுவில் ஒரு செலவுக்கு 300 எடுத்தோம். கல்லாவில் இருக்க வேண்டியது 16,050. அந்த 300-ஐக் கழிக்க மறந்தால் கணக்கில் 16,350 வரும். பணம் சரியாக இருந்தும் 300 குறைவதாகத் தெரிய, புது ஆள் பதறிப்போவார். ஆகவே தாளில் இன்னொரு வரி சேர்க்க வேண்டும்: “குறையும் தொகைக்குச் சமமான செலவுச் சீட்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.” இந்த ஒரு வரிக்கு டிக் பட்டியலில் இடமே கிடையாது.

படிப்படித் தாளுக்கும் ஒரு குறை இருக்கிறது. வேலை கைக்குப் பழகியதும் யாரும் அதைப் படிப்பதில்லை. அந்தக் கட்டத்தில் டிக் பட்டியல்தான் பொருத்தம். ஆனால் எல்லாக் கட்டங்களையும் கடைசியில் ஒரே மூச்சில் டிக் அடித்துவிடும் பழக்கம் சீக்கிரம் வந்துவிடும். அதற்கு நான் கண்ட மருந்து, டிக்குக்குப் பதில் எண்ணை எழுதச் சொல்வது. “ஃப்ரிட்ஜ் பார்த்தாச்சு” என்பதை “ஃப்ரிட்ஜ் வெப்பநிலை: ____” என்று மாற்றினால், போய்ப் பார்க்காமல் எழுத மனசு வராது. எல்லா நாளும் ஒரே எண் இருந்தால், பார்க்காமல் எழுதுகிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

செல்போனில் வீடியோ எடுத்துக் கொடுப்பவர்களும் உண்டு. ஷட்டர் பூட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்பது போன்ற கைப்பழக்கத்தைக் காட்ட அது நல்லது. பாதி வேலையில் ஒரு படியைத் தேடிப் பார்க்க உதவாது; பூட்டை மாற்றினால் மறுபடி எடுக்க வேண்டும்.

திறக்கும் தாளைத் தனியாக எழுதாமல், சாத்தும் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். இரவில் பிரித்து வைத்த 2,000-ஐக் காலையில் வருபவர் விற்பனைக்கு முன்பே எண்ணிக் கையெழுத்திட்டால், வித்தியாசம் எந்தப் பொழுதில் வந்தது என்பதில் சண்டை இருக்காது. அலாரம் உள்ள கடையில் வரிசை இன்னும் கறாராக இருக்க வேண்டும். அதைப் போட்ட பிறகு வெளியேறக் கொஞ்ச நேரமே கிடைக்கும். பின்கதவு, விளக்கு, கைப்பை எல்லாம் அதற்கு முந்தைய படிகளில் முடிந்திருக்க வேண்டும்.

எழுதி முடித்ததும் தாளை அந்த வேலையே தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் வாய் திறக்காமல் நில்லுங்கள். அவர் நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. பதிலை அவரிடம் சொல்வதற்கு முன் தாளில் எழுதிவிடுங்கள்.