மார்ச் 31-ல் வழியில் இருக்கும் சரக்கு யாருடையது? எக்ஸ்-மில், எஃப்.ஓ.ஆர்., சி.ஐ.எஃப். ஓர் ஒப்பீடு

திருப்பூர் நூல் வியாபாரி ஒருவரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை, ஜி.எஸ்.டி. சேர்க்காத தொகைகள். ஆரம்பச் சரக்கிருப்பு 30 லட்சம், ஏட்டில் பதிவான கொள்முதல் 210 லட்சம், விற்பனை 220 லட்சம். மார்ச் 31 அன்று குடோனில் எண்ணியதில் 42 லட்சத்துக்குச் சரக்கு இருந்தது. இதை வைத்துப் பார்த்தால் மொத்த லாபம் 22 லட்சம்.

அன்றைக்கு அவருக்கு வரவேண்டிய மூன்று லோடுகள் வழியில் இருந்தன. ராஜ்கோட் மில்லிலிருந்து எக்ஸ்-மில், அதாவது மில் வாசல் விலையில் வாங்கிய 6 லட்சம் ரூபாய் நூல் மார்ச் 29-ல் லாரி ஏறியது. லூதியானாவிலிருந்து எஃப்.ஓ.ஆர். திருப்பூர், அதாவது திருப்பூரில் கொண்டுவந்து சேர்க்கும் விலை என்று பேசி வாங்கிய 4 லட்சம் ரூபாய்ச் சரக்கு 30-ஆம் தேதி கிளம்பியது. சீனாவிலிருந்து சி.ஐ.எஃப். தூத்துக்குடி நிபந்தனையில் 8 லட்சம் ரூபாய் ஸ்பான்டெக்ஸ் நூல் 20-ஆம் தேதியே கப்பல் ஏறிவிட்டது. உள்நாட்டு பில்கள் இரண்டும் மார்ச் தேதியில் இருந்ததால் கணக்காளர் அவற்றைக் கொள்முதலில் ஏற்றிவிட்டார். சீன பில்லைச் சரக்கு துறைமுகம் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

லாரி வாடகையைக் கட்டுபவர்தான் சொந்தக்காரர் என்ற சுருக்குவழி பலரிடம் இருக்கிறது. உள்நாட்டில் அது பல நேரம் சரியாக வரும்; சி.ஐ.எஃப்.-ல் கவிழ்த்துவிடும். கேட்கவேண்டிய கேள்வி வேறு: வழியில் சரக்கு அழிந்துபோனால் நஷ்டம் யார் தலையில் விழும்?

எக்ஸ்-மில்லில் பதில் சுலபம். மில் வாசலில் சரக்கை ஒப்படைத்ததோடு விற்றவர் பொறுப்பு முடிகிறது. மார்ச் 29-லிருந்து அந்த 6 லட்சம் திருப்பூர்க்காரருடையது. பில்லில் நிபந்தனை எதுவும் எழுதாவிட்டாலும் பெரும்பாலும் இதே முடிவுதான். சரக்கு விற்பனைச் சட்டம் 1930-இன் 23(2) பிரிவுப்படி, வாங்குபவருக்கு அனுப்பச் சொல்லி, உரிமை எதையும் தன் கையில் வைத்துக்கொள்ளாமல் விற்பவர் சரக்கை லாரிக்காரரிடம் கொடுத்துவிட்டால், அது ஒப்பந்தத்துக்கு ஒதுக்கியதாகிவிடும். உடைமையும் அதோடு மாறும். வேறு பேச்சு இல்லையென்றால் உடைமை போகும் பக்கமே நஷ்டமும் போகும் என்கிறது 26-ஆம் பிரிவு.

எஃப்.ஓ.ஆர். திருப்பூர் இதற்கு நேர் எதிர். சரக்கு திருப்பூரில் இறங்கும்வரை அது லூதியானா மில்லின் ஸ்டாக். பில்லில் மார்ச் 30 என்று இருப்பதால் அது கொள்முதலாகிவிடாது. ஆனால் ஆர்டரின் அடிக்குறிப்பை ஒருமுறை படிக்கவேண்டும். மேலே எஃப்.ஓ.ஆர். விலை என்று போட்டுவிட்டு, கீழே ‘வழிச்சேதம் வாங்குபவர் பொறுப்பு’ என்று சிறிய எழுத்தில் இருக்கும் பில்கள் உண்டு. அப்படியிருந்தால் எஃப்.ஓ.ஆர். என்பது வெறும் விலைக் கணக்கு. சரக்கை எக்ஸ்-மில் போலத்தான் பார்க்கவேண்டியிருக்கும்.

அதிகம் தவறுவது சி.ஐ.எஃப்.-ல்தான். கப்பல் வாடகையும் இன்ஷூரன்ஸும் சீனக்காரர் கட்டுகிறார், நிபந்தனையில் தூத்துக்குடி என்று பேர் இருக்கிறது. அதனால் தூத்துக்குடி வரும்வரை அவருடைய சரக்கு என்று நினைக்கத் தோன்றும். சர்வதேச வணிக நிபந்தனைகளின் தொகுப்பான இன்கோடெர்ம்ஸ் 2020-இன்படி சி.ஐ.எஃப்.-லும், கப்பல் வாடகையை வாங்குபவரே கட்டும் எஃப்.ஓ.பி.-யிலும் அபாயம் மாறும் இடம் ஒன்றே: ஏற்றுமதித் துறைமுகத்தில் சரக்கு கப்பலில் ஏறும் கணம். இரண்டுக்கும் வித்தியாசம் செலவில் மட்டும். சேருமிடம்வரை விற்பவரே அபாயத்தைச் சுமக்கவேண்டுமென்றால் டி.ஏ.பி. போன்ற நிபந்தனை வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் வரும். உடைமை எப்போது மாறும் என்பதை இன்கோடெர்ம்ஸ் சொல்வதே இல்லை. சீனக்காரர் ஆவணங்களை வங்கி வழியாக அனுப்பி, பணம் கட்டினால்தான் கப்பல் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங் கைக்கு வரும் என்று வைத்திருந்தால், சட்டப்படி உடைமை இன்னும் அவரிடம் இருக்கலாம். ஆனாலும் பணம் வருவதற்கான பாதுகாப்பாக மட்டும் உரிமையைப் பிடித்துவைத்திருப்பது, கட்டுப்பாடு வாங்குபவருக்கு மாறியதைத் தடுக்காது என்று இண்ட் ஏ.எஸ். 115 என்ற கணக்கியல் தரநிலை தெளிவாகச் சொல்கிறது. அபாயம் வாங்கியவரிடம் வந்துவிட்டதால் வாங்கியவர் ஏட்டில் ஏற்றுவதே சரி என்பது என் கருத்து.

இனி சரிக்கட்டல். ராஜ்கோட் பில் ஏற்கெனவே கொள்முதலில் இருக்கிறது, சரக்குதான் எண்ணிக்கையில் இல்லை. இறுதிச் சரக்கிருப்பில் 6 லட்சம் கூட்டவேண்டும். லூதியானா சரக்கு நம்முடையதல்ல. கொள்முதலிலிருந்தும் அந்த மில்லுக்குத் தரவேண்டிய பாக்கியிலிருந்தும் 4 லட்சம் கழியும், ஸ்டாக்கைத் தொடக்கூடாது. சீனச் சரக்கு இரண்டு பக்கமும் இல்லை. கொள்முதலில் 8, ஸ்டாக்கில் 8, பாக்கியில் 8 என்று ஏற்றவேண்டும்.

கொள்முதல் 210-லிருந்து 214 லட்சம் ஆகிறது, இறுதிச் சரக்கிருப்பு 42-லிருந்து 56 லட்சம். விற்ற சரக்கின் அடக்கம் 30 + 214 − 56 = 188 லட்சம். மொத்த லாபம் 32 லட்சம், முன்பு கண்டதைவிட 10 லட்சம் அதிகம்.

அந்த 10 லட்சம் முழுவதும் உள்நாட்டு லோடுகள் இரண்டிலிருந்தும் வந்தது. கொள்முதலில் ஏறி ஸ்டாக்கில் ஏறாத பில்தான் லாபத்தைத் தின்கிறது. சீனச் சரக்கை அடியோடு விட்டிருந்தாலும் லாபம் மாறியிருக்காது. ஆனால் ஐந்தொகையில் 8 லட்சம் ஸ்டாக்கும் 8 லட்சம் கடனும் காணாமல் போயிருக்கும். அதேபோல, யாருடையது என்று பார்க்காமல் மூன்று லோடையும் இரண்டு பக்கமும் ஏற்றியிருந்தாலும் லாபம் 32 லட்சமே வரும். ஸ்டாக்கும் கடனும் மட்டும் 4 லட்சம் உப்பியிருக்கும். லாபம் சரியாக வந்ததை வைத்து உரிமையைச் சரியாகப் பிரித்தோம் என்று சொல்லமுடியாது.

சீனச் சரக்கை எந்த விலையில் ஏற்றுவது? அபாயம் மாறிய நாளின் டாலர் மாற்று மதிப்பில் கொள்முதலும் ஸ்டாக்கும் பதிவாகும். மார்ச் 31 மதிப்புக்கு மாற்றவேண்டியது பாக்கியை மட்டும். அந்த வித்தியாசம் லாப நட்டக் கணக்குக்குப் போகும். சுங்க வரி இன்னும் விழாததால் அதை இப்போது சேர்க்கவேண்டாம்.

உள்ளீட்டு வரியும் இதே கோட்டில்தான் போகிறது. சரக்கைப் பெற்றிருந்தால்தான் வரிப் பயன் என்கிறது சி.ஜி.எஸ்.டி. சட்டம் 16(2)(பி). எக்ஸ்-மில் போன்ற எக்ஸ்-வொர்க்ஸ் ஒப்பந்தத்தில் விற்பவர் வாசலில் லாரிக்காரரிடம் கொடுத்ததே பெற்றதாகும் என்று 2024 டிசம்பர் 31 தேதியிட்ட 241/35/2024 சுற்றறிக்கை விளக்கியது. ஆகவே ராஜ்கோட் வரியை மார்ச்சிலேயே எடுக்க இடமிருக்கிறது. லூதியானா பில் மார்ச் மாத ஜி.எஸ்.டி. 2பி அறிக்கையில் தெரிந்தாலும் சரக்கு வந்த பிறகுதான் எடுக்கமுடியும்.

இப்படி வழியில் இருந்த லோடுகளைக் கண்டுபிடிக்க ஏப்ரல் முதல் பதினைந்து நாள் சரக்கு வரவுப் பதிவேடு போதும். ஏப்ரலில் இறங்கிய ஒவ்வொரு லோடுக்கும் லாரி ரசீதான எல்.ஆர்.-இன் தேதி, பில் தேதி, ஆர்டர் நிபந்தனை மூன்றையும் பக்கத்தில் எழுதவேண்டும். கப்பல் சரக்குக்கு ஏப்ரல் முழுவதையும், தேவைப்பட்டால் மே மாதத்தையும் பார்க்கவேண்டும். அதில் பில் ஆஃப் லேடிங் தேதி மட்டும் பார்த்து நிறுத்தக்கூடாது. சில லோடுகளில் கப்பல் நிறுவனம் சரக்கைப் பெற்றதற்கு மார்ச் 30 தேதியில் ரசீது தந்திருக்கும். கப்பலில் ஏற்றியதாக அதன்மேல் குத்திய முத்திரையில் ஏப்ரல் 2 இருக்கும். சி.ஐ.எஃப்., எஃப்.ஓ.பி. இரண்டிலும் அந்த முத்திரைத் தேதிதான் கணக்கு. அப்படிப்பட்ட சரக்கு மார்ச் 31 அன்று இன்னும் சீனக்காரருடைய ஸ்டாக்.