ஷிப்பிங் பில்லும் பில் ஆஃப் என்ட்ரியும்: அருகருகே வைத்து ஓர் அலசல்

கரூரில் பருத்தித் திரைச்சீலை தைத்து, தூத்துக்குடி வழியாக முதன்முறையாக அனுப்பும் ஒரு சிறு ஏற்றுமதியாளரை எடுத்துக்கொள்வோம். திரையின் மேல்விளிம்பில் பதிக்கும் உலோக வளையங்களை அவர் சீனாவிலிருந்து தருவிக்கிறார். எனவே அவர் கைக்குச் சுங்கத் துறையின் இரண்டு ஆவணங்களும் வரும்: வளையம் உள்ளே வந்ததற்குப் பில் ஆஃப் என்ட்ரி, திரை வெளியே போனதற்கு ஷிப்பிங் பில். 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் முன்னதற்கு 46ஆம் பிரிவு, பின்னதற்கு 50ஆம் பிரிவு. பெயர், ஏற்றுமதி இறக்குமதிக்கான பதிவு எண்ணான ஐ.இ.சி., துறைமுகக் குறியீடு, எட்டு இலக்கச் சரக்குக் குறியீடு என்று மேற்பகுதி ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், இரண்டையும் ஒரே முறையில் படித்துவிடலாம் என்று தோன்றும். அது சரியல்ல. பில் ஆஃப் என்ட்ரி நீங்கள் அரசுக்குக் கட்ட வேண்டியதைச் சொல்கிறது. ஷிப்பிங் பில், பெரும்பாலும், அரசிடமிருந்து உங்களுக்கு வர வேண்டியதைச் சொல்கிறது. ஆகவே முதலாவதில் தொகை கூடிவிட்டதா என்றும், இரண்டாவதில் உரிமை ஏதும் விடுபட்டதா என்றும் பார்க்க வேண்டும்.

இந்த வேறுபாடு முதலில் வெளிப்படுவது மதிப்புக் கட்டத்தில். இறக்குமதியில் தீர்வை கணக்கிடப்படுவது சி.ஐ.எஃப். மதிப்பின் மேல், அதாவது சரக்கு விலையோடு கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த தொகையின் மேல். ஏற்றுமதியில், மூலப்பொருளுக்குக் கட்டிய தீர்வையைத் திருப்பித் தரும் டிராபேக் போன்ற சலுகைகளுக்கு அடிப்படை, அவ்விரண்டையும் கழித்த எஃப்.ஓ.பி. மதிப்பு. நாணய மாற்று விகிதமும் ஒன்றல்ல. சுங்கத் துறை இறக்குமதிக்கு ஒன்று, ஏற்றுமதிக்கு ஒன்று என்று தனித்தனியே அறிவிக்கிறது. இறக்குமதி விகிதம் சற்று கூடுதலாகவே இருக்கும்.

வளையத்தின் விலை எஃப்.ஓ.பி. 1,000 டாலர் என்றும், கப்பல் கூலிக்கு ரசீது இணைக்கப்படவில்லை என்றும் கொள்வோம். கூலி தெரியாதபோது விதிப்படி விலையில் 20 விழுக்காடும், காப்பீடு தெரியாதபோது 1.125 விழுக்காடும் கூட்டப்படும், மதிப்பு 1,211.25 டாலர் ஆகிவிடும். டாலருக்கு 86 ரூபாய் என்று வைத்தால் 1,04,168 ரூபாய். அடிப்படைச் சுங்கத் தீர்வை 10 விழுக்காடு என்றால் 10,417. அதன்மேல் சமூக நல மேல்வரி பத்தில் ஒரு பங்கு, 1,042. இவை மூன்றும் சேர்ந்த தொகையின் மேல் ஒருங்கிணைந்த சரக்கு, சேவை வரியான ஐ.ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு என்றால் 20,813. மொத்தம் ஏறத்தாழ 32,270 ரூபாய். உண்மையான கூலி 80 டாலர்தான் என்று ரசீது காட்டியிருந்தால் இது 29,074 ரூபாயாக இறங்கியிருக்கும்.

ஆனால் அந்த 32,270 முழுவதும் செலவு அல்ல. ஐ.ஜி.எஸ்.டி. பகுதி, பின்னால் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி-யில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிக் கடனாகத் திரும்புகிறது. பில் ஆஃப் என்ட்ரியில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் சரியாக இருந்தால் அது ஜி.எஸ்.டி.ஆர்-2பி படிவத்தில் தானே வந்து சேரும். நிற்பது அடிப்படைத் தீர்வையும் மேல்வரியும், 11,459 ரூபாய். இதை ஈடுகட்டத்தான் ஷிப்பிங் பில்லில் டிராபேக் கட்டம் இருக்கிறது. எல்லாருக்கும் பொதுவான அகிலத் தொழில் விகிதத்தில் கேட்டால் இறக்குமதிச் சான்று தேவையில்லை. அந்த விகிதம், கட்டிய தீர்வையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் கீழே இருந்தால் தனி விகிதம் கோரலாம். அப்போது இதே பில் ஆஃப் என்ட்ரிதான் சான்று. சிறு அளவில் அனுப்புகிறவருக்குப் பொது விகிதமே போதும் என்பது என் கருத்து. தனி விகிதத்துக்கான கணக்கு வேலை, கிடைக்கும் தொகையைத் தின்றுவிடும்.

ஷிப்பிங் பில்லில் நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டிய இடம் ஐ.ஜி.எஸ்.டி. நிலை. LUT என்று இருந்தால் வரி கட்டாமல், உறுதிமொழியின் பேரில் அனுப்புகிறீர்கள். P என்று இருந்தால் வரி கட்டி அனுப்பித் திரும்பப் பெறுகிறீர்கள். LUT வழியில் பணம் முடங்காது. ஆனால் சேர்ந்துபோன உள்ளீட்டு வரிக் கடனைப் பெற ஜி.எஸ்.டி. தளத்தில் தனியே விண்ணப்பிக்க வேண்டும், அதில் இயந்திரம் வாங்கியபோது கட்டிய வரி சேராது. P வழியில் ஷிப்பிங் பில்லே விண்ணப்பமாகிவிடுகிறது. புதிதாகத் தையல் இயந்திரம் வாங்கி வரிக் கடன் தேங்கி நிற்பவர், அந்தக் கடனைக் கொண்டே ஏற்றுமதி வரியைக் கட்டிப் பணமாக எடுத்துவிடலாம். கையிருப்பு குறைந்து, கடனும் அதிகம் சேராதவருக்கு LUT நல்லது. இயந்திரம் வாங்கிய ஆண்டில் P-யை நான் விரும்புவேன்.

P-யில் ஒரு பொறி உண்டு. ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தில் நீங்கள் காட்டும் வரி இன்வாய்ஸ் எண்ணும் ஷிப்பிங் பில்லில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். நம் கரூர்க்காரர் வரி இன்வாய்ஸில் KT/014 என்று போட்டிருக்க, வாங்குபவருக்கு அனுப்பிய வணிக இன்வாய்ஸில் உள்ள EXP-014 என்பதைக் கஸ்டம்ஸ் ஏஜென்ட் பதிந்துவிட்டால், சுங்கத் துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் SB005 என்ற பிழைக் குறி தோன்றி, பணம் நின்றுவிடும். தாக்கலுக்கு முன் ஏஜென்ட் அனுப்பும் செக்லிஸ்ட்டைப் பார்த்து ‘ஓகே’ என்று பதில் போடுவதற்குள் இந்த ஒரு வரியை ஒப்பிட்டுவிட வேண்டும். பின்னால் திருத்த 149ஆம் பிரிவின் கீழ் விண்ணப்பித்து, ஏற்றுமதியின்போதே இருந்த ஆவணத்தைக் காட்டியாக வேண்டும்.

இரண்டு ஆவணங்களும் முடியும் இடமும் வேறு. பில் ஆஃப் என்ட்ரியில் தீர்வை கட்டி ‘அவுட் ஆஃப் சார்ஜ்’ கிடைத்ததும் சரக்கு உங்களுடையது. ஷிப்பிங் பில்லில் ‘லெட் எக்ஸ்போர்ட்’ ஆணை வந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது தவறு. கப்பல் நிறுவனம் ஏற்றுமதிப் பட்டியலான இ.ஜி.எம். தாக்கல் செய்தால்தான் சரக்கு நாட்டைவிட்டுப் போனதாகக் கணக்கு. அது இல்லையெனில் SB002 என்று காட்டும். இதில் உங்கள் தவறு எதுவும் இல்லாவிட்டாலும் கப்பல் நிறுவனத்தை விரட்ட வேண்டியவர் நீங்கள்தான்.

ஒரே சரக்கு இரண்டு ஆவணங்களிலும் ஏறும் சந்தர்ப்பமும் உண்டு. நிறம் ஒத்துவரவில்லை என்று வாங்குபவர் இரண்டு பெட்டிகளைத் திருப்பி அனுப்பினால், சொந்தத் திரைக்கே பில் ஆஃப் என்ட்ரி போட வேண்டும். 45/2017 சுங்க அறிவிக்கையின்படி, மூன்றாண்டுக்குள் திரும்பும் சரக்குக்கு முழுத் தீர்வை இல்லை. அன்று பெற்ற டிராபேக்கையும் ஐ.ஜி.எஸ்.டி-யையும் திருப்பிக் கட்டினால் போதும், LUT-யில் போயிருந்தால் அன்று கட்டாத ஐ.ஜி.எஸ்.டி-யைக் கட்ட வேண்டும். ஆனால் வந்தது அன்று போன அதே சரக்கு என்று அதிகாரி நம்ப வேண்டும். ஷிப்பிங் பில்லின் சரக்கு விவரத்தில் ‘பருத்தித் திரைச்சீலை, பலவகை’ என்று மட்டும் இருந்தால் அதை நிறுவுவது கடினம். அளவும் நிறமும் வடிவமைப்பு எண்ணும் அதில் இருந்து, பெட்டிக் குறி பேக்கிங் லிஸ்ட்டோடு ஒத்திருந்தால், பெட்டியைத் திறந்து பார்த்தவுடன் ஒப்பிட்டுவிடலாம்.