உள்ளங்கால் மருவும் கால் ஆணியும்: ஒரே பூச்சு மருந்தை இருவர் பயன்படுத்திய அனுபவம்

சாலிசிலிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் தலா 16.7 விழுக்காடு கலந்த பூச்சு மருந்தை எங்கள் வீட்டில் ஒரே காலத்தில் இருவர் பயன்படுத்தினோம். எனக்கு வலது முன்பாதத்தில் பெருவிரலுக்குச் சற்றுக் கீழே ஒரு தடிப்பு இருந்தது. அம்மாவுக்கு இடது பாதத்தில் சுண்டுவிரலின் அடியில் ஒன்று இருந்தது. இரண்டுமே மஞ்சள் பாய்ந்து, கெட்டிப்பட்டு, காலை ஊன்றும்போது கல்லை மிதித்ததுபோல் வலித்தன. ஆம்பூர்ப் பக்கத்தில் உள்ளங்காலில் எது தடித்தாலும் அதைக் கால் ஆணி என்றுதான் சொல்வார்கள். எங்கள் இருவருக்கும் அப்படியே சொன்னார்கள். என் காலில் இருந்தது முற்றிலும் மறைந்துவிட்டது, ஓராண்டுக்கு மேலாகியும் திரும்ப வரவில்லை. அம்மாவுக்கோ மருந்து பூசிவந்த காலத்தில் தடிப்புக் குறைந்திருந்தது, நிறுத்திய சில வாரங்களில் மறுபடியும் எழும்பியது. எனக்கு வந்தது மரு, அம்மாவுக்கு இருப்பது ஆணி என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். ஆகவே மருந்தைப் பற்றிச் சொல்வதற்கு முன், இவ்விரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மரு என்பது தொற்று. மனித பாப்பிலோமா வைரஸ் தோலில் உள்ள நுண்ணிய வெடிப்பு வழியாக உள்ளே புகுந்து, மேல்தோல் செல்களைத் தாறுமாறாகப் பெருகச் செய்கிறது. ஆணி தொற்று அன்று. எலும்பு முனைக்கும் செருப்புக்கும் அல்லது தரைக்கும் நடுவே அகப்பட்ட தோல், இடைவிடாத அழுத்தத்தால் தன்னைக் காத்துக்கொள்ளத் தடித்து, நடுவில் கூம்புபோன்ற கெட்டியான கருவை உண்டாக்குகிறது. நான் காலணித் தொழிற்சாலையில் தோல் வெட்டும் பிரிவில் வேலை செய்கிறேன். நாள் முழுவதும் சிமெண்டுத் தரையில் நின்றுகொண்டே செய்யும் வேலை என்பதால், எனக்கு வந்ததும் நின்று நின்று வந்த ஆணிதான் என்று உடன் வேலை செய்பவர்கள் எல்லோரும் உறுதியாகச் சொன்னார்கள்.

பொதுவாக மூன்று அடையாளங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது, கைவிரல் ரேகைபோல் உள்ளங்காலிலும் ஓடும் நுண்வரிகள் மருவின் விளிம்போடு நின்றுவிடும், அதைச் சுற்றி விலகிப் போகும். காய்ப்பின் மேல் அவை தொடர்ந்து செல்லும். இரண்டாவது, தடிப்பை இரு பக்கங்களிலிருந்தும் விரல்களால் கிள்ளிப் பிதுக்கினால் மரு அதிகம் வலிக்கும். மேலிருந்து நேராக அழுத்தினால் ஆணி அதிகம் வலிக்கும். மூன்றாவது இடம்: ஆணி அழுத்தம் விழும் இடத்தில்தான் வரும், மரு எங்கும் வரலாம். இவற்றுள் இடத்தை மட்டும் நம்பக்கூடாது என்பது என் கருத்து. மரு எடை தாங்கும் இடத்தில் வந்துவிட்டால் அதன் மேலேயே காய்ப்பு மூடிக்கொள்கிறது. அப்போது ரேகை அடையாளமும் மங்கிப்போய், கிள்ளினாலும் அழுத்தினாலும் ஒரே அளவு வலிப்பதாகத் தோன்றும். என் காலில் நடந்தது அதுதான்.

வேலூரில் நாங்கள் பார்த்த தோல் மருத்துவர் ஐயத்தைத் தீர்த்த முறை மிகவும் எளிமையானது. ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, மேலே மூடியிருந்த காய்ப்பை மெல்லிய கத்தியால் படலம் படலமாகச் சீவினார். சில படலங்கள் போனதும் என் தடிப்பில் கடுகைவிடச் சிறிய கரும்புள்ளிகள் தெரிந்தன. இன்னும் ஒரு படலம் சீவியதும் அந்தப் புள்ளிகளிலிருந்து ஊசிமுனை அளவில் இரத்தம் கசிந்தது. அந்தப் புள்ளிகளைப் பலர் மருவின் வேர் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அவை மருவுக்குள் மேலெழுந்து வந்த நுண்குழாய்களில் உறைந்த இரத்தம். அம்மாவின் தடிப்பை அதேபோலச் சீவியபோது ஒரு துளிகூட இரத்தம் வரவில்லை. நடுவில் கண்ணாடிபோல் சற்று ஒளி ஊடுருவும் கெட்டியான கரு தெரிந்தது, அதை நுனிக்கத்தியால் எடுத்ததும் அம்மா அங்கேயே வலி குறைந்து நடந்தார்.

வீட்டில் பிளேடால் இப்படிச் சீவிப் பார்க்க வேண்டாம். சீழ் பிடிக்கும், மரு என்றால் கசியும் இரத்தத்தோடு பக்கத்துத் தோலுக்கும் பரவும். பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் காலை ஊறவைத்து, மேல்தோலை உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து, வெயில் வெளிச்சத்தில் பார்த்தாலே கரும்புள்ளிகளும் ரேகை அறுபடும் விளிம்பும் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒருநாளில் தெரியாவிட்டால் அடுத்தடுத்த நாள்களில் தெரியும்.

இனி மருந்து. இது மருவைச் சுட்டு எரிப்பதில்லை. வைரஸ் குடியிருக்கும் தடித்த தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து உரிக்கிறது, அந்த எரிச்சலால் உடலின் எதிர்ப்பாற்றலும் அந்த இடத்துக்குத் திரும்புகிறது என்று மருத்துவர் விளக்கினார். ஆகவே தினமும் செய்யும் தயாரிப்பில்தான் பலன் இருக்கிறது. இரவில் காலை ஊறவைத்துத் துடைத்து, முந்தைய நாள் பூச்சு வெள்ளை ஏடாகப் படிந்திருப்பதை உரித்தெடுத்து, உப்புத்தாளால் தேய்ப்பேன். சுற்றியுள்ள நல்ல தோலில் வாஸ்லினை வளையமாகத் தடவி, மருவின் மேல் மட்டும் ஒரு துளி மருந்தை வைத்துக் காயவிட்டு, அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டுவேன். ஊறவைக்காமல், தேய்க்காமல் மேலே மேலே பூசினால் மருந்து செத்த தோலிலேயே நின்றுவிடும். உப்புத்தாள் துண்டை ஒவ்வொரு முறையும் எறிந்துவிட வேண்டும். அதே துண்டால் வேறு இடத்தையோ வேறொருவர் காலையோ தேய்த்தால் தொற்று அங்கும் போகும். மருந்துக் குப்பியைப் பற்றி ஒரு குறை உண்டு. இது எளிதில் ஆவியாகும் கலவையில் வருவதால், எங்கள் ஊர் வெப்பத்தில் மூடி சற்றுத் தளர்ந்திருந்தாலும் பாகுபோல் இறுகிவிடுகிறது. தீப்பற்றக்கூடியது என்பதால் விளக்குக்கும் அடுப்புக்கும் அருகில் வைக்கக்கூடாது.

ஐப்பசி மழையில் தொடங்கினேன். முதல் சில வாரங்களில் தோல் வெளுத்து உரிந்ததே தவிர, புள்ளிகள் அப்படியே இருந்தன. கார்த்திகையில் வலி ஏறத்தாழ நின்றுவிட்டது. பலர் மருந்தை விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். வலி நிற்பது காய்ப்புக் கரைந்ததால். மரு அடியில் இருக்கும். தோல் சிவந்து எரிந்தபோது மட்டும் ஓரிரு நாள் நிறுத்தி, ஆறிய பின் தொடர்ந்தேன். பொங்கல் நெருங்கும்போது புள்ளிகள் மறைந்து, பாத ரேகைகள் அந்த இடத்தின் குறுக்கே மீண்டும் ஓடுவது தெரிந்தது. ரேகை திரும்பியதே மரு போனதற்கான அடையாளம். அதைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன். பொதுவாக 12 வாரம்வரை பூச வேண்டியிருக்கும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள், அது சரியாகவே இருந்தது.

அம்மாவுக்கு இந்த மருந்து தடித்த தோலைக் குறைத்தது, அவ்வளவுதான். அவருடைய ஆணிக்கு உண்மையான மருத்துவம் செருப்பில் இருந்தது. அவர் அணிந்த செருப்பின் அடிப்பாகம் மெலிந்து, சுண்டுவிரல் பக்கம் தேய்ந்திருந்தது. மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர் வைத்த, முன்பகுதி அகலமான செருப்புக்கு மாறி, அவ்வப்போது ஊறவைத்துத் தேய்த்துக்கொள்கிறார். இப்போது காய்ப்பு லேசாக இருக்கிறது, வலி இல்லை. 40 விழுக்காடு சாலிசிலிக் அமிலம் உள்ள ஆணி பிளாஸ்திரி கடைகளில் கிடைக்கிறது. அதுவும் தோலைத்தான் எடுக்கும், அழுத்தத்தை எடுக்காது.

மருவுக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. திரவ நைட்ரஜனால் உறையவைப்பது இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை செய்யப்படுகிறது; நன்றாக வலிக்கும், கொப்புளம் எழும், நின்று வேலை செய்பவர்களுக்குச் சில நாள் சிரமம். அதுதான் உயர்ந்த மருத்துவம் என்று எண்ணிச் செலவு செய்ய விரும்புபவர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். உள்ளங்கால் மரு உள்ளவர்களிடம் பிரிட்டனில் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், 50 விழுக்காடு சாலிசிலிக் அமிலத்தை வீட்டில் பூசிக்கொண்டவர்களிலும் உறையவைத்துக்கொண்டவர்களிலும் 12 வாரத்தில் முழுமையாகக் குணமானவர்கள் ஒரே அளவு, ஏறத்தாழ 14 விழுக்காட்டினரே. எனக்குப் போனது என்பதால் எல்லோருக்கும் போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன். பூச்சுக்கு அடங்காத, பல இடங்களில் உள்ள மருக்களுக்கு, குழந்தைகளுக்குத் தட்டம்மை முதலியவற்றைத் தடுக்கப் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசி மருந்தை மருவுக்குள் செலுத்தி எதிர்ப்பாற்றலைத் தூண்டும் முறையை நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் இப்போது பரவலாகச் செய்கிறார்கள். வெட்டி எடுப்பதையும் காட்டரியால் சுடுவதையும் உள்ளங்காலில் கடைசியாகவே எண்ண வேண்டும். அங்கே விழும் தழும்பு மருவைவிட நீண்டகாலம் வலி தரக்கூடும். சிறுவர்களுக்கு மரு பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானாகவே மறைந்துவிடும் என்பதால், வலி இல்லாதபோது காத்திருப்பதும் ஒரு மருத்துவமே.

எருக்கம்பாலும் சேராங்கொட்டையும் எங்கள் பக்கத்தில் இன்னும் பழக்கத்தில் உள்ளன. எருக்கம்பால் தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் பெருங்கேடு. சேராங்கொட்டை எண்ணெய் கொப்புளம் கட்டிப் புண்ணாக்கிவிடும். எங்கள் தெருவில் ஒருவர் அதைத் தடவிக்கொண்டு, மருவைவிடப் பெரிய புண்ணோடு பல வாரம் வேலைக்குப் போகமுடியாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சர்க்கரை நோய் உள்ளவர்களும், காலில் உணர்ச்சியோ இரத்த ஓட்டமோ குறைந்தவர்களும் இந்தப் பூச்சு மருந்தையோ ஆணி பிளாஸ்திரியையோ தாமாக வாங்கிப் பயன்படுத்தக் கூடாது. தொழுநோயாளிகளின் கை கால்கள் சிதைவதற்குப் பெரிதும் காரணம், வலி தெரியாததால் ஏற்படும் காயங்களே என்பதை டாக்டர் பால் பிராண்ட் வேலூரில் பணியாற்றிய ஆண்டுகளில் எடுத்துக்காட்டினார். உணர்ச்சியற்ற பாதங்களுக்கு மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பு தரும் வழக்கத்துக்கும் வேலூர் அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் மருத்துவமனைக்கும் நீண்ட தொடர்பு உண்டு. அமிலம் நல்ல தோலைத் தின்னும்போது எரிச்சல்தான் நம்மை நிறுத்துகிறது. அந்த எரிச்சல் தெரியாத காலில் புண் எலும்புவரை போகும். அப்படிப்பட்டவர்கள் ஆணியாக இருந்தாலும் மருவாக இருந்தாலும் மருத்துவரிடமே சீவிக்கொள்ள வேண்டும். மேலும், உள்ளங்காலில் கருமையான திட்டு தனியாகத் தோன்றிப் பரவினாலோ, ஆறாத புண்ணாகிக் கசிந்தாலோ, மருந்து எதுவும் பூசாமல் உடனே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அரிதாக அது தோல் புற்றுநோயாகவும் இருக்கலாம், சதைத் துண்டெடுத்துச் சோதித்தால்தான் தெரியும்.